உச்ச நேரத்தில் சில்லரை நிறுத்த எவ்வளவு பெரிய ஐஸ் தாங்கி வேண்டும்?

*கேள்வி: யாழ்ப்பாணத்தில் 60 அறை, ஒரு உணவகம், ஒரு மண்டபம் உள்ள ஹொட்டல். 50 தொன் எயார் கூல்ட் சில்லர் ரெண்டு இருக்கு, ஒண்டு மாத்திற வயசு. பின்னேரம் 6.30 தொடக்கம் 10.30 வரை மின்சார சபையின்ர உச்ச நேரக் கட்டணம் தாங்கேலாமல் இருக்கு. 250 தொன்-மணி ஐஸ் தாங்கியும் 40 தொன் சில்லரும் போட்டால் அந்த நாலு மணித்தியாலமும் சில்லரே ஓடத் தேவையில்லை எண்டு ஒரு கொம்பனி சொல்லுது. எங்கட லொக்கில உச்ச நேரத்தில மணிக்கு மணி 62, 70, 66, 54 தொன். இரவில 40 இல இருந்து 27 மட்டும் இறங்கும். பகல் உச்சம் 75. அவை சொல்லுற கணக்கு சரியோ அண்ணை?*

சரியில்லை. உங்கள் இலக்கங்களுக்குத் தாங்கி 340 தொன்-மணி அளவிலும், சில்லர் பெயர்ப்பலகைப்படி 65 தொன் அளவிலும் வேண்டும். இங்கே தொன் என்பது எடையல்ல, குளிர்வலுவின் அலகு; ஒரு தொன் வலுவை ஒரு மணித்தியாலம் தந்தால் ஒரு தொன்-மணி. அவர்கள் எங்கே தவறவிட்டார்கள் என்பது கிட்டத்தட்டத் தெரிகிறது. 62, 70, 66, 54 ஆகியவற்றைக் கூட்டினால் 252 வரும். அதை அப்படியே தாங்கியின் அளவாக எடுத்திருக்கிறார்கள். பிறகு 252 ஐ, ஐஸ் கட்டும் குறைந்த கட்டண இரவின் 7 மணித்தியாலத்தால் பிரித்தால் 36 வரும். அதைக் கொஞ்சம் கூட்டி 40 தொன் சில்லர் என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டலும் பிரித்தலும் சரி. ஆனால் ஐஸ் கட்டும்போது சில்லர் தன் முழு வலுவையும் தராது. நாலு மணித்தியாலத்தில் அவசரமாக உருக்கும்போது தாங்கியும் தன் முழுக் கொள்ளளவையும் தராது. இந்த இரண்டும் அந்தக் கணக்கில் இல்லை.

முதலில் சில்லர். சாதாரணமாக 7 பாகையில் தண்ணீர் தரும் சில்லரை ஐஸ் கட்டுவதற்காக மறை 5 பாகைக்கு இறக்கும்போது, கொம்பிரசருக்குள் வரும் வாயுவின் அடர்த்தி குறைந்துவிடும். அதே கொம்பிரசர் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த அளவு குளிர்வாயுவையே இழுக்கும். இதனால் கிடைப்பது பெயர்ப்பலகை வலுவில் 60 முதல் 70 வீதம் வரைதான். இரவில் வெளி வெப்பநிலை பகலைவிடக் குறைவு என்பது எயார் கூல்ட் சில்லருக்குச் சற்றுக் கைகொடுக்கும். என்றாலும் யாழ்ப்பாணத்தில் ஆடி, ஆவணி இரவுகளில் அது பெரிதாக இறங்குவதில்லை. ஆகவே 65 வீதத்துக்கு மேல் நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

அப்படிப் பார்த்தால் அவர்களின் 40 தொன் சில்லர் ஐஸ் கட்டும்போது 26 தொன்தான் தரும். குறைந்த கட்டண நேரம் 22.30 தொடக்கம் 05.30 வரை, 7 மணித்தியாலம். அதில் தொடக்கத்து அரை மணித்தியாலம், குழாயில் ஓடும் உறையாத திரவமான கிளைக்கோலையும் தாங்கித் தண்ணீரையும் பூச்சியத்துக்கு இறக்குவதிலும் வால்வுகளை மாற்றுவதிலும் போய்விடும். மிஞ்சும் ஆறரை மணித்தியாலத்தில் 26 தொன் வீதம் 169 தொன்-மணி ஐஸ்தான் சேரும். பம்பின் சூட்டுக்கும் தாங்கிச் சுவரின் கசிவுக்கும் 5 வீதம் போனால், கட்டிடத்துக்குக் கிடைப்பது 161. முதல் இரண்டு மணித்தியாலமே 132 ஐத் தின்றுவிடும். மீதி 29 மூன்றாம் மணியின் பாதியையும் தாண்டாது. இரவு 9 மணிக்கு முன்னரே ஐஸ் முடிந்து, உச்ச நேரத்தின் நடுவில் சில்லர் ஓடத் தொடங்கும். தாங்கி 250 ஆக இருந்தாலும் 500 ஆக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இப்போது சரியான வழியில் போவோம். உச்ச நேரத்துத் தேவை 252. இழப்புக்கு 5 வீதம் கூட்டினால் ஏறக்குறைய 265 தொன்-மணி. ஒவ்வொரு இரவும் கட்ட வேண்டிய ஐஸ் இதுதான். ஒரு தொன்-மணிக்குச் சுமார் 38 கிலோ ஐஸ் வேண்டும் என்பதால், இரவொன்றுக்குப் பத்து மெற்றிக் தொன் ஐஸ் உறைந்து, அடுத்த பின்னேரம் உருகும். 265 ஐ ஆறரையால் பிரித்தால் 41 தொன். கிளைக்கோல் பம்பின் சூட்டையும் சேர்த்து, ஐஸ் கட்டும் நிலையில் 42 தொன் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வலுவில் 65 வீதம்தான் கிடைக்கும் என்பதால் அது பெயர்ப்பலகையில் 65 தொன் ஆகும். கீழே u என்பது நாலு மணித்தியாலத்தில் தாங்கியிலிருந்து எடுக்கக்கூடிய பங்கு, அதைப் பிறகு விளக்குகிறேன்.

```
Q = 62 + 70 + 66 + 54 = 252
E = Q × 1.05 = 265
C_ice = E / 6.5 = 41   (42)
C_nom = 42 / 0.65 = 65
S = E / u = 265 / 0.78 = 340
```

விலைமனுக் கேட்கும்போது "65 தொன் சில்லர்" என்று எழுதாதீர்கள். "25 வீத எதிலீன் கிளைக்கோல், வெளியேறும் வெப்பநிலை மறை 5.5 பாகை, வெளிக்காற்று 29 பாகை, இந்த நிலையில் 42 தொன்னுக்குக் குறையாமல் தர வேண்டும், மின் இழுவையையும் எழுதித் தர வேண்டும்" என்று எழுதுங்கள். பெயர்ப்பலகைத் தொன் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கழிவு வீதத்தை நீங்கள் ஊகிப்பதை விட, விற்பவர் கையொப்பமிட்டுத் தருவது நல்லது. உங்களிடம் உள்ள பழைய சில்லரில் கிளைக்கோலை ஊற்றி ஐஸ் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விரிவு வால்வு, எண்ணெய் திரும்பும் வழி, உறைதல் பாதுகாப்பு எல்லாமே அதில் தண்ணீருக்காக அமைந்தவை.

அடுத்தது தாங்கி. நம் ஊர்க் கட்டண நேரம் மற்ற நாட்டுக் கணக்குகளிலிருந்து விலகுவது இங்கேதான். பெரும்பாலான தாங்கிகளின் கொள்ளளவு ஆறு, எட்டு, பத்து மணித்தியாலம் மெல்ல உருக்குவதை வைத்து அச்சிடப்படுகிறது. அலுவலகக் கட்டிடம் ஒன்றின் பகல் முழுவதுக்கும் அது பொருந்தும். இலங்கையில் உச்ச நேரம் நாலே மணித்தியாலம். அதற்குள் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். எவ்வளவு ஐஸ் இருக்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக அதை எடுக்கலாம் என்பதும் அளவைத் தீர்மானிக்கும்.

குழாய்ச் சுருளுக்குள் கிளைக்கோல் ஓடி, வெளியே தண்ணீர் உறையும் தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரப்போவது பெரும்பாலும் அதுதான். உருக்கும்போது அதே குழாயில் சூடான கிளைக்கோல் வரும். குழாயை ஒட்டிய ஐஸ்தான் முதலில் உருகும். முதல் மணித்தியாலத்தில் கிளைக்கோலுக்கும் ஐஸுக்கும் இடையில் குழாய்ச் சுவர் மட்டுமே இருப்பதால், வெளியே வருவது 1, 2 பாகையில் இருக்கும். பிறகு குழாயைச் சுற்றி உருகிய தண்ணீர் ஒரு உறை மாதிரி நிற்கும். வெப்பம் அதைக் கடந்துதான் ஐஸை அடைய வேண்டும். உறை தடிக்கத் தடிக்க, வெளியேறும் கிளைக்கோல் சூடாகிக்கொண்டே போகும். கடைசி மணித்தியாலத்தில் தாங்கிக்குள் இன்னும் ஐஸ் மிதக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டிய 5 பாகை வெளியே வராது. அந்த மிச்ச ஐஸ் காசு கொடுத்துக் கட்டியும் அன்றைக்குப் பயன்படாத ஐஸ்.

ஆகவே, 5 பாகைக்கு மேல் போகாமல் நாலு மணித்தியாலத்தில் எடுக்கக்கூடிய பங்கை வைத்தே தாங்கியை அளக்க வேண்டும். மேலே நான் எடுத்த 0.78 ஒரு முதற்கணக்கு மட்டுமே. தாங்கிக்குத் தாங்கி இது மாறும். உற்பத்தியாளரிடம் உங்கள் 62, 70, 66, 54 ஐ அந்த ஒழுங்கிலேயே கொடுத்து, ஒவ்வொரு மணி முடிவிலும் தாங்கியிலிருந்து வெளிவரும் வெப்பநிலை என்ன என்று அட்டவணை கேளுங்கள். உங்களுக்கு நல்ல காலம், கடைசி மணியின் சுமை 54 ஆகக் குறைகிறது. தாங்கி களைக்கும் நேரத்தில் கேள்வியும் குறைகிறது. ஒழுங்கு மாறி 70 கடைசியில் வந்திருந்தால் 340 போதாது.

5 பாகை ஏன் என்றால், கிளைக்கோல் நேரே அறைகளுக்குப் போகாது. தகட்டு வெப்பமாற்றி ஒன்றில் கிளைக்கோல் 5 இல் நுழைந்து 11 இல் திரும்பும். மறுபக்கம் அறைத் தண்ணீர் 13 இல் வந்து 7 இல் போகும். கடைசி மணியில் கிளைக்கோல் 7 ஆகிவிட்டால் தண்ணீர் 9 ஆகும். அறை வெப்பநிலையில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஈரப்பதம் இழுபடாது. விருந்தினர் "அறை புழுங்குது, மெத்தை ஈரமாய்க் கிடக்கு" என்று முறையிடத் தொடங்குவது இரவு பத்து மணியளவில் என்றால், முதலில் பார்க்க வேண்டியது தாங்கியின் வெளியேறு வெப்பநிலையைத்தான்.

ஓட்டத்தையும் சரிபார்த்துவிடலாம். ஐஸ் கட்டும்போது 42 தொன், அதாவது 148 கிலோவாற். கிளைக்கோல் சில்லரை விட்டு வெளியேறும்போதும் திரும்பும்போதும் 3 பாகை வித்தியாசம் என்றால், செக்கனுக்கு ஏறக்குறைய 12.5 லீற்றர். உருக்கும்போது 70 தொன், 246 கிலோவாற், 6 பாகை வித்தியாசம். அதற்குச் செக்கனுக்கு 10.5 லீற்றர். இரண்டும் அருகருகே இருப்பதால் வேகம் மாற்றக்கூடிய ஒரே பம்ப் போதும். மாற்றாக இன்னொன்று நிற்கட்டும். உருக்கும்போது முழு ஓட்டமும் தாங்கிக்குள் போகாது. மூவழி வால்வு ஒன்று தாங்கியிலிருந்து வரும் குளிர்ந்ததையும், தாங்கியைச் சுற்றி வரும் சூடானதையும் கலந்து 5 இல் நிறுத்தும். 6.30க்கு அந்த வால்வு பாதியளவுதான் திறந்திருக்கும். 10.30க்குக் கிட்டத்தட்ட முழுவதும் திறந்துவிடும். எட்டரைக்கே முழுவதும் திறந்துவிட்டால், அன்றைக்கு ஐஸ் பற்றாது என்பதை இரண்டு மணித்தியாலம் முன்பே அது சொல்லிவிடுகிறது.

இந்த வால்வுக்கும் வெப்பமாற்றிக்கும் இடையில்தான் இந்தத் தொகுதியின் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. உங்கள் ஹொட்டலுக்கு இரவிலும் 40 தொன் வரை குளிர் வேண்டும். மறை 5 பாகையில் ஓடும் சில்லரால் அதே நேரம் அறைகளுக்கு 7 பாகைத் தண்ணீர் தர முடியாது. ஆகவே புதிய சில்லர் ஐஸ் கட்ட, மிஞ்சியிருக்கும் 50 தொன் சில்லர் அறைகளைப் பார்க்கும். அப்போது வெப்பமாற்றியின் தண்ணீர்ப் பக்கம் அசையாமல் நிற்கும். கிளைக்கோல் பக்க வால்வு சிறிது கசிந்தாலும் போதும். மறை 5 பாகைக் கிளைக்கோல் மெல்ல மெல்ல உள்ளே போய், நின்ற தண்ணீரை உறைய வைத்து, தகடுகளைப் பிளந்துவிடும். காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில நாளில் கிளைக்கோல் மட்டம் குறைந்து, அறைத் தண்ணீரில் கிளைக்கோல் கலந்திருப்பது தெரியவரும். இதைத் தடுக்க மூவழி வால்வை மட்டும் நம்பக் கூடாது. கிளைக்கோல் பக்கத்தில் இறுக்கமாக மூடும் தனி வால்வு ஒன்றும், அது மூடியதைக் காட்டும் சுவிற்சும் போட்டு, "மூடியது" என்ற சமிக்ஞை வந்தால் மட்டுமே ஐஸ் கட்டும் நிலைக்குப் போகும்படி கட்டுப்பாட்டை எழுத வேண்டும். அதோடு, வெப்பமாற்றியின் தண்ணீர்ப் பக்கம் 3 பாகைக்குக் கீழே போனால் கிளைக்கோல் பம்பை நிறுத்தி, தண்ணீர்ப் பம்பை ஓடவிடும் பாதுகாப்பும் வேண்டும்.

காசுக் கணக்குக்கு வருவோம். உச்ச நேரத்தில் சில்லர் ஒரு தொன்னுக்கு 1.1 கிலோவாற் எடுக்கிறது என்றால், 252 தொன்-மணிக்கு 277 அலகு மிச்சம். கிளைக்கோல் பம்புக்கு மேலதிகமாக 10 அலகு போக 267. இரவில் ஐஸ் கட்டும்போது தொன்னுக்கு 1.3 கிலோவாற் எடுக்கும் என்றால் 265 தொன்-மணிக்கு 345 அலகு. பம்புக்கு 26 சேர்த்தால் 371. உச்ச நேரத்தில் ஒரு அலகை மிச்சம் பிடிக்க, இரவில் 1.39 அலகு செலவழிக்கிறீர்கள். ஆகவே, இரவு அலகு விலை உச்ச நேர அலகு விலையில் 72 வீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ஒரு சதமாவது மிஞ்சும்.

உங்கள் மின்பட்டியலை எடுத்து, அந்த இரண்டு விலைகளையும் முதலில் பிரித்துப் பாருங்கள். இலங்கையில் கட்டணம் அடிக்கடி மாறுகிறது. ஹொட்டல் வகைக்கும் பொதுத் தேவை வகைக்கும் விலையும் வேறு. கணக்கு விளங்குவதற்காக உச்ச நேரம் 40 ரூபா, இரவு 20 ரூபா என்று வைப்போம். ஒரு நாளைக்கு 10,680 ரூபா மிச்சம், 7,420 ரூபா செலவு, கையில் 3,260. மாதத்துக்கு ஏறக்குறைய 98,000. இரவு விலை மட்டும் 24 ஆனால், அதே தொகுதி நாளுக்கு 1,776 ரூபாதான் தரும். நாலு ரூபா ஏற்றத்தில் லாபம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. இன்றைய விலை வித்தியாசத்தை மட்டும் வைத்து "இத்தனை வருடத்தில் போட்ட காசு வரும்" என்று எழுதித் தரும் தாளை நான் பெரிதாக மதிக்கமாட்டேன். இரவு விலைக்கும் உச்ச நேர விலைக்கும் உள்ள விகிதம் 0.5, 0.6, 0.7 என மூன்றுக்கும் கணக்குக் கேளுங்கள்.

அதே தாளில், மாதத்தின் அதிகூடிய மின் இழுவைக்கு அறவிடும் கே.வி.ஏ கட்டணம் குறையும் என்றும் ஒரு வரி இருக்கக்கூடும். அதைக் கவனமாகப் பாருங்கள். உங்கள் பகல் உச்சம் 75 தொன், பின்னேர உச்சம் 70. சமையலறை, லிஃப்ற், விளக்கு எல்லாம் சேர்த்து மாதத்தின் அதிகூடிய கே.வி.ஏ பகல் மூன்று மணிக்குப் பதிவாகிறது என்றால், பின்னேரச் சில்லரை நிறுத்துவதால் அந்தத் தொகை ஒரு ரூபாவும் குறையாது. மீற்றரின் 15 நிமிடப் பதிவை மின்சார சபையிடம் கேட்டு, எந்த நேரத்தில் உச்சம் வருகிறது என்று பார்த்த பிறகே அந்த வரியை ஏற்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. இரவு 22.30க்கு புதிய சில்லர் 53 கிலோவாற், அறைச் சில்லர் 44 கிலோவாற் என இரண்டும் ஒரே நேரத்தில் ஏறும். பகல் உச்சத்தில் சில்லர்கள் எடுப்பது 90 அளவுதான். அந்த நேரத்தில் குறைந்த கட்டணம் என்று லோண்ட்ரியையும் தொடக்கினால், மாதத்தின் புதிய உச்சம் நள்ளிரவுக்கு முன் பதிவாகும். லோண்ட்ரியை ஒரு மணிக்குத் தள்ளிவிடுங்கள். அறைச் சுமையும் அதற்குள் இறங்கிவிடும்.

மண்டபத்தில் வரவேற்பு நடக்கும் இரவுகளுக்கும் சேர்த்துத் தாங்கி வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். மண்டபம் நிறைந்தால் 25, 30 தொன் கூடும். அதற்காக இன்னும் 150 தொன்-மணித் தாங்கியும் அதற்கேற்ற பெரிய சில்லரும் வாங்கினால், மாதத்தின் மற்ற இரவுகளில் அவை சும்மா நிற்கும். அந்த இரவுகளில் 50 தொன் சில்லரை 6.30 இலிருந்தே ஒரே அளவில், 30 தொன்னில் ஓடவிடுங்கள். மீதியைத் தாங்கி பார்க்கும். ஐஸை மட்டும் நம்பியிருந்து, அது முடிந்ததும் ஒன்பது மணிக்கு இரண்டு சில்லரையும் ஒருசேரத் தட்டுவதுதான் செய்யக் கூடாதது. 15 நிமிடம் அப்படி ஓடினாலே அந்த மாதத்துக் கே.வி.ஏ ஏறிவிடலாம். சாதாரண இரவிலும் 6.30க்குத் தாங்கி மட்டம் குறைவாக இருந்தால் இதே வழிதான்.

உங்கள் லொக் எந்த மாதத்தினது என்று எழுதவில்லை. மார்கழி, தை மாதத்துடையது என்றால் மேலே உள்ளதெல்லாம் சிறியதாகிவிடும். சித்திரை, வைகாசி வெயிலிலும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால் அறைகள் நிறைந்திருக்கும்போதும் இரண்டு கிழமை அளந்து பாருங்கள். சில்லரின் அம்பியரை வைத்து ஊகிக்காமல், குழாயின் வெளியே பொருத்தும் அல்ட்ராசொனிக் ஓட்டமானியை வாடகைக்கு எடுங்கள். செக்கனுக்கு 10 லீற்றர் ஓட்டமும் 5.9 பாகை வித்தியாசமும் இருந்தால், 10 ஐ 4.19 ஆலும் 5.9 ஆலும் பெருக்க 247 கிலோவாற். 3.517 ஆல் பிரித்தால் 70 தொன். வெப்பமானிகள் இரண்டையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்து, ஒரே அளவைக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். அரைப் பாகை பிழைத்தாலே கணக்கில் ஆறு தொன் பிழைத்துவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, 340 தொன்-மணித் தாங்கி ஏறக்குறைய 25 கனமீற்றர் எடுக்கும். இரண்டு மீற்றர் உயரம் என்றால் 12, 13 சதுரமீற்றர். தண்ணீர் மட்டும் 13 மெற்றிக் தொன் வரும், சுருளும் தாங்கியும் கிளைக்கோலும் வேறு. சாதாரண மொட்டைமாடிச் சிலாப் இதைத் தாங்காது. நிலத்தில் வைக்கவும். நிலத்துக்குக் கீழே புதைக்கும் யோசனை வந்தால், மாரியில் நிலத்தடி நீர் ஏறும்போது வெறுந்தாங்கி மிதந்து எழும்பும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். தாங்கிக்கும் கிளைக்கோலுக்கும் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சுண்ணக்கல்லிலிருந்து வரும் நம் தண்ணீரின் கடினம் கிளைக்கோலில் சேர்த்திருக்கும் துருத்தடுப்பு மருந்தைப் படியவைத்துவிடும். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேரும். ஆர்.ஓ தண்ணீர் ஒரு தடவை வாங்கி நிரப்பினால் போதும், பிறகு பெரிதாகக் குறையாது. மறை 5 பாகைக் குழாய்களின் உறையில் ஒரு மூட்டு திறந்திருந்தாலும் ஈரக் காற்று உள்ளே போய் ஐஸாகி, உறையை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே வெள்ளைப் பூப்போல உறைபனி தெரிகிற இடம்தான் திறந்த மூட்டு. உப்புக் காற்றுக்குக் கொண்டென்சர் சுருளில் பூச்சு கேளுங்கள். அது அடைபட்டால் முதலில் தெரிவது ஐஸ் கட்டி முடியும் நேரம் பின்னுக்குப் போவதில்தான். நாலரைக்கு முடிந்துகொண்டிருந்தது ஐந்தே காலுக்கு வந்தால் சுருளைக் கழுவ வேண்டிய காலம்.

நிறுத்தும் நேரத்தைத் தாங்கியின் தண்ணீர் மட்டத்தை வைத்துத் தீர்மானிக்கலாம். உறையும்போது தண்ணீர் விரிவதால் மட்டம் ஏறும், உருகும்போது இறங்கும். ஆனால் பல நாள் முழுவதும் உருகாமல் மேலே மேலே கட்டினால், தாங்கியின் மேற்பக்கம் ஐஸ் மூடி, நடுவில் உள்ள தண்ணீரை மேலே தள்ளி மட்டத்தைப் பொய்யாகக் காட்டும். வாரத்தில் ஒரு நாளாவது முழுவதும் உருகவிட்டு, சுழியத்தில் மட்டம் சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீற்றரின் கடிகாரத்துக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கடிகாரத்துக்கும் சில நிமிடம் வித்தியாசம் இருக்கக்கூடும். சில்லரை 6.20க்கே நிறுத்தி, 10.35க்குப் பிறகு தொடக்கும்படி வையுங்கள்.

கடைசியாக, விலைமனுவில் கையொப்பமிடுவதற்கு முன் இன்னொரு விலையையும் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் காணி இருக்குமானால், ஐஸ் இல்லாமல் வெறும் குளிர்தண்ணீர்த் தாங்கி. 265 தொன்-மணியை 6 பாகை வித்தியாசத்தில் சேமிக்க, சூட்டுத் தண்ணீரும் குளிர் தண்ணீரும் கலக்கும் பகுதிக்கு இடம் விட்டு, 150 கனமீற்றர் அளவில் தாங்கி வேண்டும். ஐஸ் தாங்கியைப் போல ஆறு மடங்கு இடம். ஆனால் கிளைக்கோல் இல்லை, உறையும் வெப்பமாற்றி இல்லை, வலுக் கழிவும் இல்லை. சாதாரண 50 தொன் சில்லர்கள் இரண்டும் இரவில் அறைகளையும் பார்த்து, மிச்ச வலுவில் தாங்கியையும் நிரப்பிவிடும். உச்ச நேரத்து ஒரு அலகுக்கு இரவில் 1.05 அலகு அளவே செலவாகும் என்பதால், கட்டண வித்தியாசம் சுருங்கினாலும் அது நட்டத்துக்குப் போகாது. யாழ்ப்பாண நகருக்குள் ஒழுங்கையோடு ஒட்டிய கட்டிடம் என்றால் ஐஸைத் தவிர வேறு வழி இருக்காது. பின்வளவு இருக்கிற ஹொட்டல் என்றால் நான் தண்ணீர்த் தாங்கிக்குத்தான் முதல் விலைமனுக் கேட்பேன்.